படுக்க வைத்துக் கொண்டுபோன கேபினெட்

இரண்டு வருடத்துக்கு முன் என் டெஸ்க்டாப் கணினியை பெங்களூரு மடிவாளாவில் ஆம்னி பஸ் டிக்கியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனேன். கேபினெட் வந்த அட்டைப்பெட்டி, சுற்றிலும் பபிள் ராப், மேலே ஸ்கெட்ச் பேனாவில் ‘உடையும் பொருள்’. கிளீனர் அதைப் படித்துவிட்டுத்தான் அதன்மேல் ஒரு மூட்டையை வைத்தார். பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. திறந்து பார்த்தால், கிராபிக்ஸ் கார்டைப் பிடிக்கும் ஸ்லாட்டின் கொக்கி விடுபட்டுக் கிடந்தது. கார்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

வெளியே எவ்வளவு சுற்றினாலும் அது கேபினெட்டுக்குத்தான் பாதுகாப்பு. உள்ளே ஒரு கிலோ கார்டு, பின்பக்கம் இரண்டு ஸ்குரூவையும் அந்த ஸ்லாட்டையும் நம்பி அந்தரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் மறுமுனை மேலும் கீழும் ஆடும். நெம்புகோல் போல அந்த விசை முழுவதும் ஸ்லாட்டில் இறங்கும்.

அன்று கணினி ஓடத்தான் செய்தது. ஆனால் கார்டின் விவரங்களைக் காட்டும் GPU-Z மென்பொருளில் Bus Interface வரியில் `PCIe x16 4.0 @ x8 4.0` என்று காட்டியது. பாதிப் பாதை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கழற்றி, நேராக அழுத்திச் செருகிய பிறகுதான் @ x16 வந்தது. சில கார்டுகள் பிறவியிலேயே x8 என்பதால், கிளம்பும் முன்பே இந்த வரியை போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த முறை பெங்களூரு அறையை மொத்தமாகக் காலி செய்துவிட்டு ஊருக்கே திரும்பினேன். பஸ் வேண்டாம் என்று தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் லோயர் பெர்த் போட்டேன். பெட்டி என் கண்முன்னே, என் பெர்த்துக்கு அடியிலேயே இருக்கும்.

கார்டைக் கழற்றுவதில் மாற்றுக் கருத்தே இல்லை. பவர் சப்ளை சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றினேன். அப்புறம் கார்டின் பவர் கேபிள், பின்பக்க ஸ்குரூ இரண்டு, கடைசியில் கொக்கி. கூலருக்கும் கார்டுக்கும் நடுவே விரல் போகாது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வழுக்கி மதர்போர்டைக் கீறிவிடும். நான் மர ஸ்கேலால் அழுத்தினேன். கார்டு வந்த பெட்டி தொலைந்துபோயிருந்தது. எஸ்.பி. ரோடு கடைக்காரர் ஒருவர் மதர்போர்டு வந்த பழைய வெள்ளிநிறப் பையைச் சும்மாவே கொடுத்தார். கார்டை அதில் போட்டு, துண்டால் சுற்றி, முதுகுப் பையில் வைத்தேன். தெர்மாகோல் பக்கம் போகவில்லை, உரசினாலே நிலைமின்சாரம் சேரும்.

கூலர்தான் யோசிக்க வைத்தது. என்னுடையது உயரமான காற்றுக் கூலர், முக்கால் கிலோ இருக்கும். ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்4 சாக்கெட்டில், கூலருக்கு அடியில் தடவிய தெர்மல் பேஸ்ட் இறுகியிருந்தால், கூலரை இழுக்கும்போது பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கழற்றியே ஆகவேண்டும் என்றால் கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, கணினியை அணைத்த கையோடு இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். நான் கழற்றவில்லை, கேபினெட்டைப் படுக்க வைத்தேன். கேபினெட் நிற்கும்போது கூலர் சுவரில் ஆணியடித்த அலமாரி. படுத்துவிட்டால் மேஜைமேல் வைத்த குடம். பாரம் பக்கவாட்டில் இழுக்காமல் நேராகக் கீழே இறங்கும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கூலராக இருந்தால் இந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

ரயிலில் கூடவே எடுத்துப்போகும் பெட்டிக்கு விதிப்படி 100 × 60 × 25 செ.மீ. வரை அனுமதி. படுத்த கேபினெட் 21 செ.மீ. உயரம், மேலும் கீழும் ஒன்றரை செ.மீ. ஃபோம், ஆக 24. கண்ணாடிப் பக்கம் மேலே. கார்டு இல்லாமல் தொங்கிய கேபிள்களை வெல்க்ரோ பட்டையால் கட்டினேன். ரயில் தரையில் தண்ணீர் ஓடும் என்பதால் எல்லாவற்றுக்கும் மேலே தார்பாலின்.

ஆட்டோ அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர். “உள்ள என்ன தம்பி, மீன் தொட்டியா?” என்று கேட்டுவிட்டு மெஜஸ்டிக் வரை உருட்டிக்கொண்டே போனார். ஸ்டேஷனில் ஸ்கேனர் கதிரால் கணினிக்கு ஒன்றும் ஆகாது. பெல்ட் முடிகிற இடத்தில் பெட்டி தடாலென்று விழுவதுதான் ஆபத்து. முன்னாலேயே ஓடிப்போய்க் கையில் ஏந்திக்கொண்டேன்.

மதுரையில் கார்டை மாட்டும் முன் கூலரைத் தொட்டு லேசாக அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. ஆன் செய்ததும் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அம்மா எட்டிப் பார்த்து, “ரயில்ல ஆடிருச்சாடா?” என்றார். கார்டுக்கான பவர் கேபிள் இன்னும் வெல்க்ரோ கட்டிலேயே இருந்தது. அணைத்து, அதைச் செருகி, மறுபடி ஆன் செய்ததும் விண்டோஸ் வந்தது, GPU-Z-இல் @ x16. சும்மா இருக்கும்போது பிராசஸர் சூடு 41 டிகிரி. பெங்களூருவில் 36 இருந்தது. அந்த ஐந்து டிகிரி மதுரை வெயில் கணக்கு.