இப்போதைய கம்பெனிக்குத் தெரியாமல் வேலை தேடியபோது ரெக்ரூட்டரிடம் என்ன கேட்டேன்

முதல் ரெக்ரூட்டரிடம் நான் சொன்னது ஒரே ஒரு வரிதான். "சார், நான் இன்னும் வேலையில்தான் இருக்கேன், இது கொஞ்சம் கான்ஃபிடென்ஷியலா இருக்கட்டும்." அவரும் "கண்டிப்பா" என்றார். பத்து நாள் கழித்து, எங்கள் டீமிலிருந்து முன்பு விலகிப் போன ஒருவர் எனக்கு மெசேஜ் அனுப்புகிறார்: "என்னப்பா, கிளம்புறியா? உன் ரெஸ்யூம் எங்க மேனேஜர் டேபிள்ல இருக்கு." நல்ல மனிதர், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரெக்ரூட்டருக்கு போன் செய்து கேட்டால் அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உங்க ஆபீசுக்கு நான் போன் பண்ணலையே சார்?" யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ரகசியம் என்றால் அவருக்கு என் கம்பெனியைத் தொடர்பு கொள்ளாமல் இருப்பது. எனக்கோ, என் பெயர் போட்ட ரெஸ்யூம் என்னைக் கேட்காமல் எங்கேயும் போகாமல் இருப்பது. அவர் அதை மூன்று இடங்களுக்கு அனுப்பியிருந்தார்.

அடுத்த ரெக்ரூட்டரிடம் அந்த ஒற்றைச் சொல்லை நம்பவில்லை. அவர் ஒரு ஏஜென்சியைச் சேர்ந்தவர். ரெஸ்யூம் கேட்டதும், அனுப்புவதற்கு முன்னால், "மேடம், நான் இப்போ இருக்கிற கம்பெனி உங்க ஏஜென்சிக்கு கிளையன்ட்டா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "ஆமா, ஆனா அதை வேற டீம் பாக்குறாங்க" என்றார். கேட்காமல் விட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. ஒரே ஏஜென்சிக்குள் எல்லோரும் ஒரே டேட்டாபேஸில் தேடுகிறவர்கள், அந்த வேறு டீமில் யாராவது என் ப்ரொஃபைலை எங்கள் கம்பெனிக்கே காட்டிவிட்டால் கதை முடிந்தது. என் பதிவில் இதைக் குறித்து வைக்கச் சொன்னேன். பிறகு போனில் பேசியதை எழுத்திலும் அனுப்பினேன், கிட்டத்தட்ட இப்படி:

"வணக்கம் மேடம். நான் வேலை தேடுவது என் இப்போதைய கம்பெனியில் யாருக்கும் தெரியாது. அதனால், எந்தக் கம்பெனிக்கு என் ரெஸ்யூமை அனுப்புவதாக இருந்தாலும் கம்பெனி பெயரையும் வேலையையும் முதலில் எனக்குச் சொல்லுங்கள், நான் சரி என்று எழுதிய பிறகு அனுப்புங்கள். எழுத்தில் ஆஃபர் வந்து நான் ராஜினாமா கொடுக்கும் வரை இப்போதைய கம்பெனியில் யாரிடமும், எச்ஆர் உட்பட, என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம். கிளையன்ட்டிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். மாலை 6 மணிக்குப் பிறகு அழையுங்கள், அதற்கு முன் என்றால் மெசேஜ் மட்டும்."

இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஏஜென்சிக்கு நான் போய்ச் சேர்ந்தால்தான் காசு. விஷயம் கசிந்து எங்கள் மேனேஜர் சம்பளத்தை ஏற்றி என்னைப் பிடித்து வைத்துக்கொண்டால் நஷ்டம் அவர்களுக்கும்தான். அவர் ஒரே ஒரு சிக்கல் சொன்னார்: சில கிளையன்ட்டுகள் ஆரம்பத்தில் தங்கள் பெயரை வெளியிட விடமாட்டார்கள். சரி, அவர்களுக்குப் பெயரில்லாத ரெஸ்யூம் அனுப்பலாம் என்று முடிவானது.

பெயரை எடுப்பது சுலபம், ஆளை மறைப்பதுதான் கஷ்டம். பெயர், போன் நம்பர், கம்பெனி பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, "நடுத்தர அளவிலான மென்பொருள் நிறுவனம்" என்று போட்டுவிட்டுப் படித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் "எட்டு நாடுகளுக்கான சம்பளக் கணக்கு மாட்யூலைத் தனியாக எழுதினேன்" என்று பெருமையாக உட்கார்ந்திருக்கிறது. இந்தத் துறையில் அதைப் படிக்கும் யாருக்கும் அது எந்தக் கம்பெனி, எந்த ஆள் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். "பல நாடுகளுக்கான சம்பள மென்பொருளில் முக்கியப் பங்கு" என்று மாற்றினேன், படிக்கச் சப்பென்றுதான் இருந்தது. அதைவிடக் கூத்து, ஃபைலின் பெயரிலேயே என் பெயர் இருந்தது, ஃபைலின் ப்ராப்பர்டீஸில் Author என்ற இடத்தில் என் முழுப் பெயர், Company என்ற இடத்தில் எங்கள் கம்பெனி பெயர். ஆபீஸ் லேப்டாப்பில் செய்த டாக்குமென்ட் என்பதால் தானாகவே ஏறியிருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்தேன். (ஆபீஸ் லேப்டாப்பில் ரெஸ்யூம் செய்தது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன்.)

லிங்க்ட்இனில் Open to work என்பதை Recruiters only என்று வைத்தால் போதுமே என்று ஒரு நண்பர் சொன்னார். அது நம் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமல் இருக்க முயற்சி செய்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இன்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வெளி ஏஜென்சிக்காரர் நம் கம்பெனி ஊழியர் இல்லையே, அவர் கண்ணில் படலாம். நான் அதைத் தொடவில்லை.

ஒரு கிளையன்ட் பெயர் வந்தது. சரி என்று எழுதுவதற்கு முன் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று தேடினேன், எங்கள் மேனேஜரோடு முன்பு ஒரே டீமில் இருந்த ஒருவர் அங்கே இருந்தார். உண்மையில் பெரும்பாலான கசிவு இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். அதிகாரப்பூர்வமாக யாரும் விசாரிக்க மாட்டார்கள், "உங்க ஆள் ஒருத்தர் அப்ளை பண்ணியிருக்கார், எப்படி?" என்று நட்பில் ஒரு போன், அவ்வளவுதான். இதை எந்த ரெக்ரூட்டராலும் தடுக்க முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். என் ரெக்ரூட்டரிடம் விஷயத்தைச் சொல்லி, ரெஸ்யூமோடு போகும் மெயிலின் முதல் வரியிலேயே 'தனிப்பட்ட முறையில்கூட இப்போதைய நிறுவனத்தில் விசாரிக்க வேண்டாம்' என்று எழுத வைத்தேன். இன்டர்வியூவின் கடைசியில் நானும் ஒருமுறை சொன்னேன். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஃபாரம் வந்தது. அதை அனுப்பியது வேறொரு வெளி நிறுவனம். நான் ரெக்ரூட்டரிடம் பேசியது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. இப்போதைய கம்பெனியைத் தொடர்பு கொள்ளலாமா என்ற கேள்விக்கு ஏற்கெனவே 'ஆம்' என்று டிக் போட்டே வந்திருந்தது. கீழே இருந்த ஒப்புதல் பத்தியிலும் "இப்போதைய மற்றும் முந்தைய நிறுவனங்கள்" என்று பொதுவாக எழுதியிருந்தது. அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டு மாதக் கவனமும் வீண். 'இல்லை' என்று மாற்றி, "ராஜினாமா ஏற்கப்பட்ட பிறகு மட்டும்" என்று எழுதி, ரெக்ரூட்டருக்கும் அதன் நகலை அனுப்பினேன். வெறுமனே மறுத்தால் சந்தேகம் வரும் என்பதால் மாற்றும் கொடுத்தேன்: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலையில் சேர்ந்தபோது கொடுத்த கடிதம், முந்தைய கம்பெனி மேனேஜரின் நம்பர். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஆஃபர் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது, இப்போதைய கம்பெனி சரிபார்ப்பு பின்னால் நடக்கும், அதில் தகவல் பொருந்தாவிட்டால் ஆஃபர் ரத்து. நியாயம்தான். பதவிப் பெயர், சேர்ந்த தேதி, சம்பளம் மூன்றையும் சான்றுகளோடு இன்னொருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ராஜினாமா எழுதினேன்.

கடிதத்தை வாங்கிய மேனேஜர் அதிர்ச்சியே ஆகவில்லை. "வரிசையா மூணு செவ்வாய்க்கிழமை பல்வலின்னு அரை நாள் லீவு போட்டப்பவே நினைச்சேன்" என்றார்.