ஒரே திட்டத்துக்கு இரண்டு ஐ.ஆர்.ஆர்.

ஒரு கற்சுரங்க விரிவாக்கத் திட்டம் முதலீட்டுக் குழுவுக்குப் போவதற்கு முன் அதன் கணக்கைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. திட்டத்தைத் தயாரித்த பிரிவின் தாளில் அக வருவாய் விகிதம், அதாவது ஐ.ஆர்.ஆர்., 43 சதவீதம் என்று இருந்தது. எங்கள் நிதிப் பிரிவில் ஒருவர் அதே எண்களை வைத்துப் போட்டுப் பார்த்த தாளில் 8 சதவீதம். நிறுவனத்தின் மூலதனச் செலவு, அதாவது திட்டங்களில் போடும் பணத்தைத் திரட்ட ஆண்டுக்கு ஆகும் விகிதம், 12 சதவீதம். ஆக, ஒரு தாளின்படி கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம், இன்னொன்றின்படி தொடவே கூடாது.

எண்களைச் சுருக்கி, எளிமையாக்கித் தருகிறேன்.

```
ஆண்டு 0    -1000
ஆண்டு 1      800
ஆண்டு 2      900
ஆண்டு 3      700
ஆண்டு 4      400
ஆண்டு 5    -2000
```

முதலில் இயந்திரங்களுக்கும் பாதைக்கும் செலவு. பிறகு நான்கு ஆண்டுகள் கல் விற்ற வரவு. ஐந்தாம் ஆண்டில் குழியை மூடி, நிலத்தைச் சீராக்கித் திருப்பித் தர வேண்டும். அந்தக் கடைசி வரிதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. யாரோ எங்கோ ஒரு எண்ணைத் தவறாக உள்ளிட்டிருப்பார்கள் என்றே இரண்டு பிரிவும் நம்பின.

இரண்டு தாளையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டேன். வரவு செலவில் ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் சூத்திரத்தில் இருந்தது.

```
=IRR(B1:B6)        7.9%
=IRR(B1:B6, 0.4)   43.0%
```

இரண்டாவது சூத்திரம் ஏதோ ஒரு பழைய மாதிரித் தாளிலிருந்து வந்தது. அந்த 0.4 என்பது எக்செலுக்கு நாம் கொடுக்கும் ஊகம். ஐ.ஆர்.ஆரை நேரடியாகக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. எல்லா ஆண்டு வரவு செலவையும் ஒரு விகிதத்தில் தள்ளுபடி செய்து, அதாவது இன்றைய மதிப்புக்குச் சுருக்கிக் கூட்டினால் வருவது நிகர தற்போதைய மதிப்பு, சுருக்கமாக என்.பி.வி. அது பூஜ்யமாகும் விகிதத்தை ஒரு புள்ளியில் தொடங்கித் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊகம் எதுவும் தராவிட்டால் எக்செல் 10 சதவீதத்திலிருந்து தேடத் தொடங்கும். பூஜ்யம் கிடைத்ததும் நின்றுவிடும். வேறொரு பூஜ்யமும் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை, எச்சரிப்பதும் இல்லை.

அதாவது இரண்டு விடையுமே சரி. இதை முதலில் சொன்னபோது சுரங்கப் பிரிவுக்காரர், "ரெண்டும் சரின்னா எப்படி சார்? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு வெவ்வேறு தள்ளுபடி விகிதங்களில் என்.பி.வி. போட்டு அவர் முன் வைத்தேன்.

```
விகிதம்   என்.பி.வி.
 0%       -200
 5%        -55
 8%          1
12%         49
20%         86
30%         68
40%         18
45%        -12
```

வழக்கமான திட்டத்தில் விகிதம் ஏற ஏற என்.பி.வி. இறங்கிக்கொண்டே போகும், ஒரே ஒரு இடத்தில் பூஜ்யத்தைக் கடக்கும். இங்கே அது கீழிருந்து ஏறி, 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் உச்சம் தொட்டு, மறுபடி இறங்குகிறது. அதனால் இரண்டு இடத்தில் கடக்கிறது. வரவு செலவு வரிசையில் குறி எத்தனை முறை மாறுகிறதோ, அதிகபட்சம் அத்தனை ஐ.ஆர்.ஆர். இருக்கலாம். டெகார்ட் 1637-இல் சமன்பாடுகளுக்குச் சொன்ன விதி இது. இங்கே கழித்தலிலிருந்து கூட்டலுக்கு ஒரு முறை, கூட்டலிலிருந்து கழித்தலுக்கு இன்னொரு முறை.

குறி இரண்டு முறை மாறினாலே இரண்டு விடை வந்து நிற்கும் என்றும் இல்லை. கடைசிச் செலவு சின்னதாக இருந்து, மொத்தக் கூட்டல் லாபமாக வந்திருந்தால், இரண்டாவது விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்க் கண்ணில் படாமல் இருந்திருக்கும். இந்தத் திட்டத்தில் மொத்த வரவு 2800, மொத்தச் செலவு 3000. வட்டியே இல்லாத உலகில் இது 200 நட்டம். அந்தப் பட்டியலின் முதல் வரியைப் பார்த்ததும் சுரங்கப் பிரிவுக்காரரின் முகம் மாறியது. 43 சதவீதம் என்று தலைப்பில் போட்ட திட்டம், வெறுமனே கூட்டினால் நட்டமாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

அப்படியானால் அந்த 43 என்ன சொல்கிறது? இதற்கு விடை கிடைத்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. திட்டத்தை ஒரு வங்கிக் கணக்குப் புத்தகம் போல எழுதிப் பார்த்தேன். ஆண்டுதோறும் இருப்பின் மேல் 43 சதவீத வட்டி ஏற்றி, அந்த ஆண்டின் வரவைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் இருப்பு −1000. முதல் ஆண்டு முடிவில் அது −1430 ஆகி, 800 வந்ததும் −630. இரண்டாம் ஆண்டு −901 ஆகி, 900 வந்ததும் ஏறத்தாழ பூஜ்யம். போட்ட முதல் இரண்டே ஆண்டில், 43 சதவீத வட்டியோடு திரும்பிவிட்டது. இது வரைக்கும் அந்த எண்ணை நம்பலாம்.

அதற்கப்புறம் கதை வேறு. மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் 699 இருக்கிறது. அது 43 சதவீதத்தில் வளர்ந்து, இன்னொரு 400 சேர்ந்து, நான்காம் ஆண்டு முடிவில் 1399. அதுவும் 43 சதவீதத்தில் வளர்ந்தால்தான் 2000 ஆகி, நிலத்தைச் சீராக்கும் செலவுக்குச் சரியாகப் போதும். அதாவது 43 என்ற விடை, திட்டத்தில் முடங்கிய பணத்துக்கு மட்டுமல்ல, வெளியே சும்மா வைத்திருக்கும் பணத்துக்கும் அதே 43 சதவீதம் கிடைக்கும் என்று சத்தமில்லாமல் வைத்துக்கொள்கிறது. "அந்த 1399-ஐ எங்கே போட்டால் ஒரே ஆண்டில் 2000 ஆகும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

7.9 சதவீத விடையிலும் இதே கோளாறு இருக்கிறது, திசைதான் வேறு. முதலிரண்டு ஆண்டு முடங்கிய பணத்துக்கும் 7.9, பிறகு கையில் தேங்கும் பணத்துக்கும் 7.9. திட்டம் முதல் பாதியில் நாம் கொடுத்த கடன், பின் பாதியில் நாம் வாங்கிய கடன். கொடுத்த கடனுக்கு விகிதம் அதிகமாக இருந்தால் நல்லது, வாங்கிய கடனுக்குக் குறைவாக இருந்தால் நல்லது. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு, அது 12-க்கு மேலா கீழா என்று கேட்டால் பதிலுக்கு அர்த்தம் இல்லை.

புத்தகத்தை 12 சதவீதத்தில் எழுதினால், நிறுவனத்துக்கு உண்மையில் பொருந்தும் கணக்கு கிடைக்கிறது. இருப்பு −320, 542, 1307, 1863 என்று போய், 2000-ஐக் கட்டிய பிறகு 87 மிஞ்சுகிறது. அந்த 87-ஐ ஐந்து ஆண்டு பின்னோக்கித் தள்ளுபடி செய்தால் 49. அதுதான் என்.பி.வி. எக்செலில் போடுவதானால் ஒரு எச்சரிக்கை: அதன் `NPV` சார்பு முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் தொடக்க முதலீட்டை வெளியே வைத்து `=NPV(12%,B2:B6)+B1` என்று எழுத வேண்டும்.

ஆக, 8 சதவீதத் தாள் "வேண்டாம்" என்று சொன்னது தவறு, என்.பி.வி. கூட்டலில்தான் இருக்கிறது. 43 சதவீதத் தாள் "ஆகா" என்று சொன்னதும் தவறு, ஆயிரம் போட்ட இடத்தில் 49 என்பது நூலிழை லாபம். இதில் வேடிக்கை, மூலதனச் செலவு 12-லிருந்து 6-க்கு இறங்கினால் என்.பி.வி. −34 ஆகிவிடும். பணம் மலிவானால் திட்டம் கெட்டுப்போகிறது! வட்டி உயர்வாக இருக்கும்போது மட்டும் நன்றாகத் தெரியும் திட்டத்தை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அந்தச் சந்தேகம் இங்கே உதவியது. என்.பி.வி. ஒரே விடை தருகிறது என்பதற்காக அதையும் அப்படியே விழுங்கக் கூடாது. விற்பனை வரவு ஏறும் இறங்கும், அதற்கு 12 சதவீதத் தள்ளுபடி சரி. நிலத்தைச் சீராக்குவது அப்படியல்ல, செய்தே தீர வேண்டிய கடமை. அதை 12-இல் தள்ளுபடி செய்தால் 2000 என்பது 1135 ஆகச் சுருங்கி, செலவு சின்னதாகத் தெரியும். கட்டாயம் கட்ட வேண்டிய தொகைக்கு அதைவிடக் குறைந்த விகிதம்தான் பொருத்தம். வரவுகளை 12-இலேயே விட்டு, அந்த ஒரு வரியை மட்டும் 6 சதவீதத்தில் தள்ளுபடி செய்தேன். என்.பி.வி. −310. அந்த வரியின் விகிதம் 11-க்குக் கீழே இறங்கினாலே திட்டம் நட்டத்துக்குப் போய்விடுகிறது. விகிதத்தைத் தொடாமல் விட்டாலும், மூடும் செலவு 2000-க்குப் பதில் 2087-ஐத் தாண்டினால் அதே கதி.

குழுவின் மேசையில் இன்னொரு திட்டமும் இருந்தது. அதே 1000 முதலீடு, ஐந்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் 300, கடைசியில் எந்தச் செலவும் இல்லை. ஐ.ஆர்.ஆர். 15.2 சதவீதம், என்.பி.வி. 81. ஐ.ஆர்.ஆர். வரிசையில் அடுக்கினால் 43 முதலில் வந்து இதைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும். சுரங்கக் கணக்கில் ஒரு மாற்றமும் செய்யாமல், 12 சதவீத என்.பி.வி.யில் மட்டும் ஒப்பிட்டாலே இதுதான் முன்னால் நிற்கிறது.

"ஒரு சதவீதம் இல்லாமல் குழு படிக்காது" என்று மேலாளர் சொன்னார். அதுவும் உண்மைதான், எல்லோருக்கும் சதவீதம்தான் சட்டென்று புரியும். சரி, திருத்திய அக வருவாய் விகிதத்தைப் போட்டேன். `=MIRR(B1:B6,12%,12%)` என்றால் செலவுகளை 12-இல் இன்றைக்குக் கொண்டுவந்து, வரவுகளை 12-இல் கடைசி ஆண்டுக்குக் கொண்டுபோய், இரண்டுக்கும் நடுவே ஒரே விகிதத்தைத் தரும். வந்தது 12.5. குறி எத்தனை முறை மாறினாலும் இதற்கு விடை ஒன்றுதான், மூலதனச் செலவைவிட அரை சதவீதமே கூடுதல் என்பதும் பார்த்ததுமே தெரிகிறது. ஆனால் வெவ்வேறு அளவுள்ள திட்டங்களை வரிசைப்படுத்த இதையும் பயன்படுத்த மாட்டேன்.

குழுவுக்குப் போன தாளில் 43-உம் இல்லை, 8-உம் இல்லை. என்.பி.வி. 49, மூடும் செலவைத் தனி விகிதத்தில் தள்ளுபடி செய்தால் −310, திருத்திய விகிதம் 12.5, அதற்குக் கீழே விகித வாரியான அந்தப் பட்டியல். குழு இரண்டாவது திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூடும் செலவை மறுபடி மதிப்பிட்டுக் கொண்டுவரச் சொல்லிச் சுரங்க விரிவாக்கத்தைத் திருப்பி அனுப்பியது.