கடைசி ஸ்லைடில் 'நன்றி' போட்டால் என்ன போகும்

எங்கள் மில்லில் கம்ப்ரஸர் லைனில் காற்று கசிவதை அடைக்க 4.8 லட்சம் ரூபாய் கேட்டு பட்ஜெட் கமிட்டி முன் போனோம். கணக்கு, படம், கொட்டேஷன் எதிலும் குறையில்லை. ஆனால் தலைமை அலுவலக டெம்ப்ளேட்டை மாற்றக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு: முதல் ஸ்லைடில் லோகோவும் தலைப்பும், கடைசியில் பூங்கொத்துப் படத்தோடு 'நன்றி'. கேள்வி நேரம் முழுக்க அந்தப் பூங்கொத்துதான் திரையில் நின்றது. எவ்வளவு கேட்டோம், எப்போது வேண்டும் என்பதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. மினிட்ஸில் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆதங்கம் இன்னும் ஆறவில்லை.

மறுமுறை லோகோவை மட்டும் விட்டுவைத்து, இரண்டு ஸ்லைடையும் மாற்ற அனுமதி வாங்கினோம். ஆட்கள் வந்து உட்காரும்வரை திரையில் இருப்பது முதல் ஸ்லைடு. பேச்சு முடிந்து வாக்குவாதம் நடக்கும்போது இருப்பது கடைசி ஸ்லைடு. அதிக நேரம் கண்ணில் படுவது இவை இரண்டும்தான்.

'காற்றுக் கசிவு: ஓர் ஆய்வு' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, 'கசியும் காற்றுக்கு மாதம் 1.2 லட்சம் மின்கட்டணம்' என்று வைத்தோம். கடைசி ஸ்லைடில் மூன்றே வரி:

இன்று வேண்டியது: 4.8 லட்சத்துக்கு ஒப்புதல்
மிச்சம்: மாதம் 1.2 லட்சம், 4 மாதத்தில் போட்ட பணம் திரும்பும்
ஆர்டர் மே 10-க்குள் போனால் ஜூன் ஷட்டவுனில் வேலை முடியும்

இங்கே ஒரு எச்சரிக்கை. எண் பெரிதாகத் தெரியட்டும் என்று முடிவில் மட்டும் ஆண்டுக்கு 14.4 லட்சம் என்று போட ஒருவர் யோசனை சொன்னார். கணக்குச் சரிதான், ஆனால் மாதக் கணக்கில் தொடங்கி ஆண்டுக் கணக்கில் முடித்தால் நிதிப் பிரிவுக்காரர் 'எது சரி?' என்றுதான் முதலில் கேட்பார், பேச்சு அங்கேயே மாட்டிக்கொள்ளும். முதலில் காட்டிய எண்ணே, அதே அலகில், அதே நிறத்தில், முடிவிலும் வர வேண்டும். 1.2 லட்சத்தை இரண்டு ஸ்லைடிலும் ஒரே சிவப்பில் வைத்தோம். வேறெதற்கும் சிவப்பு இல்லை.

இன்னொரு இடறல், பவர்பாயிண்டில். கடைசி ஸ்லைடில் கை தவறி ஒரு கிளிக் விழுந்தால் திரை கறுத்துவிடும். அதனால் முடிவு ஸ்லைடை நகலெடுத்து அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு வைத்தோம். விவரக் கணக்குகள் அவற்றுக்கும் பின்னால். கேள்வி வந்தால் ஸ்லைடு எண்ணைத் தட்டி Enter; பதில் முடிந்ததும் முடிவு ஸ்லைடின் எண்ணைத் தட்டித் திரும்பிவிட வேண்டும். விவர அட்டவணையிலேயே நின்றுவிட்டால் பூங்கொத்து நின்ற கதைதான். எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இம்முறை மினிட்ஸில் தொகையும் தேதியும் ஸ்லைடில் இருந்தபடியே ஏறின.