12 கோடி ஜோடிகளைத் தவிர்த்த கதை: அருகிலுள்ள கிளையை மரம் வைத்துத் தேடியது

நண்பர் ஒருவர் தம் வேலையில் பயன்படும் இரண்டு பட்டியல்களைப் பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுத்தார். ஒன்றில் 80,000 வாடிக்கையாளர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். இன்னொன்றில் அந்த நிறுவனத்தின் 1,540 கிளைகள். அவற்றில் 40 மூடப்பட்டவை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் திறந்திருக்கும் கிளைகளில் எது மிக அருகில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேள்வி இவ்வளவுதான். மாலை நேரங்களில் இதோடு உட்கார்ந்து ஒரு வாரம் போய்விட்டது.

முதல் மாலை நேர்வழியில்தான் போனேன். ஒரு வாடிக்கையாளரை எடுத்து, 1,500 கிளைகளுக்கும் தூரம் கணக்கிட்டு, சிறியதை வைத்துக்கொண்டு அடுத்தவருக்குப் போவது. மொத்தம் 12 கோடி தூரங்கள். பைத்தானில் சாதாரண இரட்டைச் சுற்றாக எழுதியதில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. சுற்றுகளை எடுத்துவிட்டு முழு அட்டவணையையும் ஒரே வீச்சில் கணக்கிடச் சொன்னேன். 12 கோடி எண்கள், ஒவ்வொன்றும் 8 பைட். விடை அட்டவணை மட்டுமே 960 மெகாபைட். சைன், கொசைன் கணக்கின் இடைநிலை அட்டவணைகளும் அதே அளவு. என் மடிக்கணினியின் நினைவகம் நிரம்பி, நிரல் நின்றுவிட்டது. வாடிக்கையாளர்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஊரின் ஒரு மூலையில் இருப்பவருக்கு எதிர்மூலைக் கிளைகள் எல்லாவற்றின் தூரமும் எதற்கு என்ற கேள்வி என்னை விடவில்லை.

அந்தக் கேள்விக்கான விடைதான் கே-டி மரம். புள்ளிகளைப் பாதி பாதியாகப் பிரித்து அடுக்கி வைக்கும் தரவமைப்பு; ஜான் பென்ட்லி 1975இல் வெளியிட்டது. பைத்தானின் SciPy நிரல் நூலகத்தில் தயாராக இருக்கிறது. ஒரே வரியில் அழைத்துவிடலாம். எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. இரண்டாம் மாலை முழுவதும் காகிதத்தில் ஏழு கிளைகளை வைத்து, கையால் ஒரு மரம் கட்டிப் பார்த்தேன். அதன் பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது என்பதால் அதை அப்படியே தருகிறேன்.

கிளைகள் சமதளத்தில் கிலோமீட்டர் அளவில் இப்படி இருக்கின்றன: அ (1,8), ஆ (3,2), இ (4,9), ஈ (6,5), உ (8,7), ஊ (9,1), எ (11,4). முதலில் கிழக்கு-மேற்கு எண்ணை வைத்து வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கிறோம். அது ஈ. அதுவே மரத்தின் வேர்; x = 6 என்ற கோடு தளத்தை இரண்டாக வெட்டுகிறது. இடப் பக்கம் மூன்று, வலப் பக்கம் மூன்று. அடுத்த நிலையில் வடக்கு-தெற்கு எண்ணை வைத்து வெட்டுகிறோம். இடப் பக்கத்தின் நடு அ, அதன் கீழே ஆ, மேலே இ. வலப் பக்கத்தின் நடு எ, அதன் கீழே ஊ, மேலே உ. மரம் முடிந்தது.

இப்போது (9,6) என்ற இடத்தில் ஒரு வாடிக்கையாளர். வேரான ஈ அவருக்கு 3.16 கி.மீ. அவர் கோட்டுக்கு வலப்புறம் இருப்பதால் எ-க்குப் போகிறோம்: 2.83. அவர் y = 4 கோட்டுக்கு மேலே இருப்பதால் உ: 1.41. இதுவரை கண்டதில் சிறியது இதுவே. இனித் திரும்பி ஏற வேண்டும். y = 4 என்ற கோடு அவரிடமிருந்து 2 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் எந்தக் கிளை இருந்தாலும் அதன் தூரம் 2க்குக் குறையாது. கையில் இருப்பதோ 1.41. ஆகவே ஊ-வைத் தொடவே தேவையில்லை. x = 6 கோடு 3 கி.மீ. தள்ளி இருக்கிறது, இடப் பக்கத்தின் மூன்று கிளைகளும் ஒரேயடியாகக் கழிந்தன. ஏழில் மூன்று தூரங்கள் மட்டுமே கணக்கிட்டோம். 1,500 கிளைகள் இருக்கும்போது இந்தக் கழிப்பு எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கோடு மட்டும் பார்த்து 750 கிளைகளை விட்டுவிடலாம்.

ஆனால் எல்லாரும் அப்படி வசதியான இடத்தில் இருப்பதில்லை. (6.2, 8.5) இல் இன்னொருவரை வைத்தேன். அவரும் கோட்டுக்கு வலப்புறம்தான். ஈ 3.51, எ 6.58, பிறகு உ 2.34. இத்தோடு நிறுத்தினால் விடை உ. ஆனால் x = 6 கோடு அவரிடமிருந்து வெறும் 0.2 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 0.2 என்பது 2.34ஐவிடச் சிறியது, ஆகவே கோட்டுக்கு அப்பாலும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். போனால் இ இருக்கிறது: 2.26. அதுவே சரியான விடை. இவருக்காக ஏழில் ஆறு கிளைகளைத் தொட வேண்டியிருந்தது. மரத்தில் இறங்குவது எளிது. திரும்பி ஏறும்போது எந்தப் பக்கத்தை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவெடுப்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. ஊரைக் கட்டங்களாகப் பிரித்து, தன் கட்டத்துக்குள் மட்டும் தேடும் எளிய முறைகள் பிழைப்பது இதே இடத்தில்தான்.

மூன்றாம் மாலை நூலகத்தின் மரத்துக்கு மாறினேன். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அப்படியே இரண்டு எண்களாகக் கொடுத்தேன். 80,000 பேருக்கும் விடை ஒரு நொடிக்குள் வந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை. எனினும் 500 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, பழைய நேர்வழியில் கணக்கிட்டு ஒப்பிட்டேன். 94 பேருக்கு விடை தவறாக இருந்தது.

காரணம் மரத்தில் இல்லை, நான் கொடுத்த எண்களில் இருந்தது. ஒரு பாகை அட்சரேகை எங்கும் ஏறத்தாழ 111 கி.மீ. ஒரு பாகை தீர்க்கரேகையோ நில நடுக்கோட்டில் மட்டுமே அவ்வளவு. மேலே போகப் போகச் சுருங்கி, 60 பாகை அட்சரேகையில் பாதியாகிவிடும். எடுத்துக்காட்டாக (60.0, 20.0) இல் இருப்பவருக்கு (60.0, 20.8) இல் ஒரு கிளை, (60.5, 20.0) இல் இன்னொரு கிளை. பாகைக் கணக்கில் முதலாவது 0.8, இரண்டாவது 0.5, மரம் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும். உண்மையில் முதலாவது 44.5 கி.மீ., இரண்டாவது 55.6 கி.மீ. பதினொரு கிலோமீட்டர் கூடுதலாக அலைய வைத்துவிட்டு, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் நிரல் முடிந்துவிடுகிறது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, ஒவ்வொரு இடத்தையும் ஓரலகு ஆரமுள்ள கோளத்தின் மேல் ஒரு முப்பரிமாணப் புள்ளியாக மாற்றுவது. அப்போது மரம் அளப்பது பூமியைத் துளைத்துச் செல்லும் நாணின் நீளம். நாண் சிறிதானால் மேற்பரப்புத் தூரமும் சிறிது; வரிசை மாறவே மாறாது. ஆகவே அருகில் எது என்ற விடை பிசகாது. கிலோமீட்டர் வேண்டுமென்றால் கடைசியில் நாணை வில்லாக மாற்றிக்கொள்ளலாம். கீழே `blat`, `blon` என்பவை திறந்திருக்கும் கிளைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை; `clat`, `clon` வாடிக்கையாளர்களுடையவை.

```python
import numpy as np
from scipy.spatial import cKDTree

def xyz(lat, lon):
    a, b = np.radians(lat), np.radians(lon)
    return np.column_stack((np.cos(a) * np.cos(b),
                            np.cos(a) * np.sin(b),
                            np.sin(a)))

tree = cKDTree(xyz(blat, blon))
chord, idx = tree.query(xyz(clat, clon), k=1)
km = 2 * 6371 * np.arcsin(chord / 2)
```

180 பாகைக் கோட்டின் இருபுறமும் இருக்கும் இடங்களும் இதில் தாமாகவே சரியாகிவிடுகின்றன. 179.9, -179.9 என்ற தீர்க்கரேகைகள் எண்ணளவில் வெகுதூரம். கோளத்தில் பக்கத்துப் பக்கத்து இடங்கள். இந்த முறை 500 பேரின் தூரமும் நேர்வழி விடையோடு பொருந்தியது. கிளை எண்ணை ஒப்பிடாமல் தூரத்தை ஒப்பிடுவது நல்லது: ஒரே கட்டடத்தில் இரண்டு கிளைகள் இருந்தால் இரு முறைகளும் வெவ்வேறு கிளையைச் சொல்லலாம், இரண்டும் சரியே.

தூரம் சரி. ஆனாலும் நான்காம் மாலை இன்னொரு பிழை தலைகாட்டியது. இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. `idx` என்பது கிளையின் அடையாள எண் அன்று. மரத்துக்குக் கொடுத்த அணியில் அது எத்தனையாவது வரிசை என்பது மட்டுமே. நான் மரத்தில் வைத்தது திறந்திருக்கும் 1,500 கிளைகளை. பெயரை எடுத்ததோ பழைய 1,540 வரிசைப் பட்டியலிலிருந்து. மூடிய முதல் கிளை 212ஆம் வரிசையில் இருந்தது. அதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் சரி, அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயரும் இடம் மாறியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்த முதல் இருபது வரிகளும் தற்செயலாகச் சரியாகவே இருந்தன. அன்றிலிருந்து ஒரு சோதனையை வழக்கமாக்கிக்கொண்டேன்: விடைப் பட்டியலில் எழுதப்பட்ட கிளையின் ஆயங்களை மறுபடி எடுத்து, வாடிக்கையாளருக்கும் அதற்கும் தூரத்தைப் புதிதாகக் கணக்கிட்டு, மரம் சொன்ன தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. 80,000 கணக்குகள்தான், கண்ணிமைக்கும் நேரம்.

அதே நேரத்தில் விடையைத் தூரத்தின் இறங்குவரிசையிலும் பார்த்தேன். பட்டியலின் உச்சியில் பல ஆயிரம் கி.மீ. காட்டியவர்கள் அனைவரின் ஆயமும் (0, 0). முகவரி கிடைக்காதபோது யாரோ பூச்சியத்தை நிரப்பியிருக்கிறார்கள். காலியாக விட்டிருந்தால் நூலகமே பிழை சொல்லி நிறுத்தியிருக்கும்.

கடைசியாக, நண்பர் கேட்ட கேள்வி: "நேர்கோட்டில் அருகில் இருப்பது சரி, நடுவில் ஆறு ஓடினால்?" சாலைத் தூரத்தை 12 கோடி ஜோடிகளுக்குக் கேட்கவே முடியாது. `k=5` என்று கொடுத்து ஐந்து கிளைகளை எடுத்து, அவற்றுக்கு மட்டும் சாலைத் தூரம் பார்த்தேன். ஐந்து போதுமா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. சாலைத் தூரம் நேர்கோட்டுத் தூரத்தைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. ஒருவருக்கு நேர்கோட்டில் 1.2, 1.9, 2.4, 3.1, 4.0 கி.மீ.; முதல் கிளைக்குப் பாலம் சுற்றிப் போக 5.2 ஆகிறது, இரண்டாவதற்கு 2.8, மற்றவை அதற்கும் மேல். ஆறாவது கிளை நேர்கோட்டிலேயே 4.0க்குக் குறையாது, ஆக 2.8ஐ எதுவும் வெல்லாது. விடை உறுதி. ஐந்தில் சிறந்த சாலைத் தூரமே 4.6 என்று வந்திருந்தால் அந்த உறுதி இல்லை. அவருக்கு மட்டும் பத்துக் கிளைகள் கேட்க வேண்டும். பயண நேரத்துக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. அங்கே நேர்கோட்டுத் தூரத்தைச் சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்தால் வகுத்து ஒப்பிட வேண்டும். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.