முகத்தை மறைத்தால் போதாது

கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும். எந்த ஜீப்பில் யார் போகிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். இந்த ஊரில் இருந்துகொண்டு பாம்புக்கடி பற்றி வீடியோ போடும் டாக்டருக்கு, நோயாளியின் முகத்தை மறைப்பதெல்லாம் ஒரு மறைப்பே இல்லை.

தோட்டத்தில் காலில் கடிபட்ட ஒரு பெண் வந்தார். முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியிருந்தார்கள், பாதம் வீங்கியிருந்தது. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்தோம். சாய்த்தபோது தண்ணீர் போல ஓடியது. உறையவில்லை என்றால் கண்ணாடிவிரியன் போன்ற பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். விஷமுறிவு மருந்து கொடுத்தோம், பிழைத்துக்கொண்டார்.

வீடியோவுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பாதத்தை மட்டும் படம் எடுத்தால் போதுமே என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா சொன்னார்: "டாக்டர், அந்த மெட்டியப் பாத்தாலே அவங்க தெருவுல கண்டுபிடிச்சிடுவாங்க."

சம்மதம் வாங்கலாம்தான். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர், தன் உயிரைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரிடம் எப்படி முடியாது என்பார்? அந்தக் கையெழுத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியில்லாமல் வெளியிடக்கூடாது என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. என் கணக்கில் ஊர், தேதி, தோட்டம், மெட்டி எல்லாமே அடையாளம்தான்.

கடைசியில் என் ரத்தத்தையே குழாயில் எடுத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துக் காட்டினேன். கெட்டியாக நின்றது. கண்ணாடிவிரியன் போன்ற பாம்பின் விஷம் ஏறினால் இது ஓடும் என்றேன். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், காலை அசைக்காமல் கொண்டு வாருங்கள், கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. ஏலத்தோட்டங்களில் இருக்கும் கூம்புமூக்குக் குழிவிரியனுக்கு வேலை செய்யாது என்பதையும் சொன்னேன். இதைச் சொன்னால் ஜனம் பயந்துவிடும் என்றார் நண்பர். பயப்படட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரட்டும். அங்கே வேறு சிகிச்சை இருக்கிறது.

மருத்துவமனை பெயரையோ என் போன் நம்பரையோ போடவில்லை. பொதுச் சுகாதாரம் பற்றி என் பெயரில் பேச விதி இடம் தருகிறது, ஆள் பிடிக்கத் தரவில்லை.

அப்புறம் கமெண்டில் ஒருவர் கேட்டார்: "இது எங்க சித்தி கேஸ்தானே டாக்டர்?" இல்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இன்றைக்கு இல்லை என்றுவிட்டு, நாளைக்கு வேறொருவர் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டால் அந்த மௌனமே ஆமாம் ஆகிவிடும். அதனால் யார் கேட்டாலும், உண்மையோ இல்லையோ, ஒரே பதில்தான்: "நோயாளிகளைப் பற்றிப் பேசுவதில்லை." பிறகு அந்தக் கமெண்டையும் எடுத்துவிடுகிறேன்.