955 என்றால் மலேசியாவா? ஒரு மைசூர் பருப்புப் பாக்கெட்டின் பூர்வீகம்

சுங்கை சிப்புட் மளிகைக் கடைகளில் கிடைக்கும் ஒரு கிலோ மைசூர் பருப்பை எடுத்துக்கொள்வோம். பெயரில் மைசூர் இருக்கிறது, பார்கோடு 955இல் தொடங்குகிறது. குளிர்ந்த பருவத்தில் விளையும் இந்தச் செம்பருப்பு மலேசிய மண்ணில் விளைவதில்லை. ஆக, பெயரையும் பார்கோட்டையும் ஒதுக்கிவிட்டுத்தான் தேட வேண்டும்.

955 என்பது, பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 என்ற உலக அமைப்பின் மலேசியக் கிளை கொடுக்கும் எண் வரிசை. ஒரு நிறுவனம் அங்கே பதிந்து எண்ணை வாங்கிவிட்டால், தன் பெயரில் விற்கும் எந்தச் சரக்கிலும் அதைப் போடலாம். சரக்கு எங்கே விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்தியாவின் 890, தாய்லாந்தின் 885, இந்தோனேசியாவின் 899, சிங்கப்பூரின் 888, சீனாவின் 690 முதல் 699 வரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். “இந்த எண் இருந்தால் அந்த நாட்டுச் சரக்கு, வாங்காதே” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பி பாக்கெட்டைத் திரும்ப வைப்பது வீண் வேலை.

ஆனாலும் பார்கோடு ஒன்றுக்கு உதவும். இணையத்தில் Verified by GS1 பக்கத்தில் 13 இலக்கங்களையும் தட்டினால், அந்த எண்ணுக்கு உரிய நிறுவனத்தின் பெயர் வரும். அமெரிக்க வழக்கப்படி 12 இலக்கம் மட்டும் இருந்தால் முன்னால் ஒரு 0 சேர்க்க வேண்டும். வரும் பெயரும் பாக்கெட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண் 2இல் தொடங்கினால் தேடிப் பயனில்லை. அது கடைக்காரரே தராசில் அடித்து ஒட்டிய உள் எண், பெரும்பாலும் எடையோ விலையோ அதற்குள் இருக்கும்.

இனிப் பாக்கெட்டின் பின்பக்கம். பொடி எழுத்தில் உள்ள மலாய் வினைச்சொல்தான் முக்கியம். ‘டிகிலாங்கான் ஓலே’ என்றால் அந்த நிறுவனம் தயாரித்தது. ‘டிபுங்குஸ் ஓலே’ என்றால் பொட்டலம் கட்டியது மட்டும். ‘டிஎடார்கான் ஓலே’ என்றால் கடைகளுக்கு அனுப்புகிறவர். நம் பருப்பில் இருந்தது ‘டிபுங்குஸ் ஓலே’, கீழே ஈப்போ முகவரி. பலர் இந்த முகவரியோடு நின்று “உள்ளூர்ச் சரக்கு” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தேட வேண்டியது ‘நெகாரா ஆசால்’, அதாவது பூர்வீக நாடு என்ற வரியை. இறக்குமதி உணவு என்றால் மலேசிய இறக்குமதியாளரின் பெயர், முகவரியோடு, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதையும் போட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் சொல்கின்றன. இந்த வரி பெரும்பாலும் பாக்கெட்டின் அடி மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், அல்லது காலாவதித் தேதியோடு தனியாக மையில் அடிக்கப்பட்டிருக்கும். நம் பாக்கெட்டில் மடிப்பை விரித்தபோது ‘ஆஸ்திரேலியா’ என்றிருந்தது. கனடாவும் இந்தப் பருப்பைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறது, ஆகவே அடுத்த முறை அதே பிராண்டில் கனடா என்று இருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பொட்டலம் கட்டுபவர் மூட்டைக்கு மூட்டை வேறு நாட்டுச் சரக்கை வாங்கலாம், பார்கோடு மாறாது. ஒரு பாக்கெட்டில் கண்டது அந்த லாட்டுக்கு மட்டும்தான்.

கடைக்காரரே மூட்டை பிரித்து நெகிழிப் பையில் கட்டி விற்கும் பருப்பில் எதுவும் எழுதியிருக்காது. அங்கே மூட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சாக்கின் மேலேயே ஏற்றுமதி நாட்டின் பெயர் அச்சாகியிருக்கும். பழகிய கடை என்றால் மறுக்க மாட்டார்கள், ஆனால் பழைய சாக்கில் புதுச் சரக்கைக் கொட்டி வைத்திருந்தால் சாக்கும் பொய் சொல்லும்.

வெளிநாட்டிலேயே கட்டி வந்த பாக்கெட்டில் வேலை சுலபம். இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கருக்கு வெளியே தெரியும் மூல அச்சைப் படியுங்கள். இந்திய உணவுப் பொருளில், அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் இருக்கும். சில இந்திய நிறுவனங்கள் ஏ, பி, சி என்று பல ஆலை முகவரிகளை வரிசையாகப் போட்டு, லாட் எண்ணின் முதல் எழுத்தைப் பார்க்கச் சொல்லும். லாட் எண் பி என்று தொடங்கினால் பி முகவரிதான் அந்தப் பாக்கெட் வெளிவந்த ஆலை. ஸ்டிக்கர் அந்த முகவரிகளை மறைத்திருந்தால், வாங்கிய பிறகு முடி உலர்த்தியின் சூட்டில் அதை மெல்ல உரிக்கலாம்.

இந்தோனேசியச் சந்தைக்கென அச்சிட்ட பிஸ்கட்டில், அந்நாட்டு உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான பிபிஓஎம் தரும் எண்ணுக்கு முன்னால் இரண்டெழுத்து இருக்கும். எம்டி என்றால் அந்த நாட்டிலேயே செய்தது. எம்எல் என்றால் இந்தோனேசியாவுக்கே அது இறக்குமதிச் சரக்கு, பார்கோடு 899 என்று இருந்தாலும் சரி.