கருப்பாக இருந்த மூலைதான் ஏமாற்றியது

எங்கள் வயலின் தாழ்வான மூலையில் மண் நல்ல கருப்பு. மேட்டுப் பக்கம் வெறும் பழுப்பு. கருப்பு என்றால் இலைதழை மக்கிச் சேர்ந்த மக்கு அதிகம், மக்கு அதிகம் என்றால் வளம் என்ற கணக்கில் அந்த மூலைக்கு எருவே போடாமல் விட்டேன். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் முதலில் மஞ்சளடித்தது அங்கிருந்த பயிர்தான். கடைசியில் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று முக்கால் மீட்டர் ஆழத்துக்கு இரண்டு குழி வெட்டினேன்.

முதல் நாள் பார்த்தது அத்தனையும் வீண். சாயங்கால வெளிச்சத்தில் எல்லா மண்ணும் சிவப்பாகத்தான் தெரிந்தது. குழியின் சுவரும் மண்வெட்டி இழுத்து மெழுகியதுபோல் இருந்தது. மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி எடுத்து, வெட்டாமல் கையால் பிட்டேன். பிட்ட புது முகத்தில் தண்ணீரைத் தெளித்து, நிறம் இனி மாறாது என்று ஆனதும் நிறுத்தினேன். பளபளக்கும் அளவுக்கு நனைத்தால் மறுபடி தப்பு. காய்ந்த மண்ணை ஈர மண்ணோடு ஒப்பிடவே கூடாது; ஒரே கட்டி நனைந்ததும் நன்றாகக் கருத்துவிடும். நிறம் பார்க்க மன்செல் வண்ண அட்டைகளை இரவல் வாங்கியிருந்தேன். அதில் 10YR 4/3 என்று இருந்தால், 10YR சாயலைக் காட்டும். 4 என்பது வெளிர்மை. எண் குறையக் குறைய இருட்டு. கடைசி 3 நிறத்தின் அழுத்தம். அது 2, 1 என்று இறங்கினால் நிறம் செத்துச் சாம்பலாகிறது என்று பொருள். மண்ணில் தண்ணீர் வடிகிறதா, தேங்குகிறதா என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கடைசி எண்தான்.

மேட்டுக் குழியில் மேல்மண் 10YR 4/3. அதற்குக் கீழே அடிவரை ஒரே செம்பழுப்பு, திட்டு எதுவும் இல்லை. காற்று போய்வரும் மண்ணில் இரும்பு துருவாக மாறி மண்துகள்மேல் பூசிக்கொள்கிறது. சிவப்பும் மஞ்சளும் அந்தப் பூச்சுதான்.

பள்ளத்துக் குழியில் மேல் 25 சென்டிமீட்டர் 10YR 2/1, கிட்டத்தட்ட கரி. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுத் திட்டுகள். 50 சென்டிமீட்டருக்குக் கீழே வெறும் சாம்பல், 10YR 5/1. தண்ணீர் தேங்கி மண்ணில் காற்று தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் துருவின் இரும்பைக் கரைத்துவிடுகின்றன. கரைந்த இரும்பு நிறமற்றது. அது தண்ணீரோடு நகர்ந்துவிட, பூச்சு போன மண்துகளின் சொந்த நிறமான சாம்பல் மிஞ்சுகிறது. போன இரும்பு, காற்று கிடைத்த இடத்தில் மறுபடி துருவாகப் படிவதுதான் ஆரஞ்சுத் திட்டு. திட்டும் சாம்பலும் கலந்து கிடந்தால், தண்ணீர்மட்டம் அந்த ஆழத்தில் ஏறி இறங்கியிருக்கிறது.

அப்புறம்தான் கருப்புக்கும் காரணம் புரிந்தது. ஈரத்தில் வேரும் சருகும் மெதுவாகத்தான் மக்கும், அதனால் கரிமப் பொருள் சேர்ந்துகொண்டே போகும். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது கரிமக் கார்பன் மேட்டில் 0.6 சதவீதம், பள்ளத்தில் 1.7. மக்கு அதிகம் என்ற என் கணக்கு சரிதான்; அது ஏன் அதிகம் என்று கேட்காததுதான் பிழை. அந்தக் கருப்பு மேல்மண்ணில் இருந்திருக்கக்கூடிய சாம்பல் அடையாளங்களையும் மறைத்துவிடும். அதனால் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்கக் கருப்புக்குக் கீழேதான் தோண்ட வேண்டும். இருட்டு நிறத்தை வைத்து மக்கை ஒப்பிடுவதும் ஒரே மாதிரி மண்ணுக்குள் மட்டுமே செல்லும். மணலைக் கருப்பாக்கக் கொஞ்சம் மக்கு போதும், களிமண்ணுக்கு நிறைய வேண்டும். மக்கு குறைவாக இருந்தும் கருப்பாகவே இருக்கும் களிமண்ணும் உண்டு.

ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. திட்டுகள் பழைய காலத்து மிச்சமாகவும் இருக்கலாமே? உயிருள்ள வேர்களை இழுத்துப் பார்த்தேன். வேர் போன துளையின் சுவரில் துரு படிந்திருந்தது. திட்டுகளின் ஓரமும் கத்தரித்தாற்போல் இல்லாமல் மெல்ல மங்கி முடிந்தது. இரண்டுமே இப்போதும் நடப்பதற்கான அடையாளம். இருந்தாலும் உறுதி செய்ய, ஓட்டையிட்ட குழாய் ஒன்றைப் பக்கத்தில் இறக்கினேன். மழைக்குப் பிறகு தண்ணீர் 30 சென்டிமீட்டரில் நின்றது. சாம்பல் தொடங்கிய இடமும் ஏறக்குறைய அதுதான்.

ஓரமாக ஆழமான வடிகால் வெட்டினோம். அடுத்த மழைக்குத் தண்ணீர் 65 சென்டிமீட்டருக்கு மேல் வரவில்லை, பயிரும் மஞ்சளடிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அதே குழிக்குப் பக்கத்தில் தோண்டினேன். சாம்பல் அப்படியே இருந்தது. வெளியேறிப் போன இரும்பு திரும்பி வருவதில்லை. அதனால் வடிகால் வெட்டிய வயலில் நிறத்தைவிட அந்தக் குழாயைத்தான் நம்புகிறேன்.